கறுப்பு வயர் பக்கம் போன ஹிஸ்டிடின்

எனக்கு வாய் அதிகம் என்று சொல்வார்கள். சொல்பவர்கள் மேல் தப்பில்லை. ஏரி ரோட்டில் குறுக்கே வண்டியை நிறுத்தும் டூரிஸ்ட்டிடம் சண்டை, கேரட்டில் பாதி அழுகலைத் தள்ளிவிடும் கடைக்காரரிடம் சண்டை, ஒருமுறை பிரின்சிபாலிடமே சண்டை. ஆனால் வாயைத் திறந்தே ஆக வேண்டிய ஓரிடத்தில் மட்டும் திறக்கவில்லை. கடைசியில் திறந்தபோது, திறக்கக் கூடாத இடத்தில் திறந்தேன்.

கொடைக்கானலில் ஒரு பெண்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். துறை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறோம், இருப்பது இரண்டே பேர். நானும் அக்காவும். கூடப் பிறந்த அக்கா இல்லை. வகுப்பில் 'மேடம்', அறைக்குள் வந்து கதவைச் சாத்தினால் 'அக்கா'. நான் திண்டுக்கல்லிலிருந்து வேலைக்கு வந்த புதிதில், குளிரில் உதடு வெடித்து, வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தபோது, "எதுக்கு புள்ள அலையுற, எங்க வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு" என்று கூட்டிக்கொண்டு போனவர். என் பிள்ளைக்கு டைபாய்டு வந்தபோது என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை.

பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கையில் ஒரு துண்டுத் தாள் இல்லாமல் வகுப்புக்குள் போவார். பூண்டி, கிளாவரை பக்கமிருந்து விடியும் முன்னே பஸ் ஏறி, பாதித் தூக்கத்தில் வந்து உட்காரும் பெண்களைச் சிரிக்க வைத்தே முழிக்க வைப்பார். "அமினோ அமிலம்னா ஒண்ணும் இல்லடி, அது நம்ம வீட்டு ஆம்பளைக மாதிரி. சுத்தியிருக்கறவுக எப்படியோ அப்படி மாறிக்கும்" என்பார். வகுப்பே கொல்லென்று சிரிக்கும்.

அது வெறும் வேடிக்கைப் பேச்சும் இல்லை. அமினோ அமிலத்தில் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும் தொகுதிகள் சில உண்டு. அமிலத் தொகுதி ஹைட்ரஜனை விட்டுவிட்டால் அந்த இடத்தில் எதிர்மின்னூட்டம். அமினோ தொகுதி ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருந்தால் அங்கே நேர்மின்னூட்டம். பிடிப்பதா விடுவதா என்பது, கரைசல் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் எண்ணைப் பொறுத்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பிரிகை மாறிலி உண்டு; அதை பிகே என்ற எண்ணாக எழுதுவோம். கரைசலின் பிஎச் சரியாக அந்த எண்ணில் நின்றால் அந்தத் தொகுதி பாதி பிடித்திருக்கும், பாதி விட்டிருக்கும். பிஎச் அதற்கு மேலே ஏறினால் விடும், கீழே இறங்கினால் பிடிக்கும். நேரும் எதிரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்த மின்னூட்டம் சைபராகும் பிஎச்தான் சமமின் புள்ளி. அங்கே மின்சாரம் பாய்ச்சினாலும் அமினோ அமிலம் எந்தப் பக்கமும் நகராது.

இந்தச் சமமின் புள்ளியைக் கண்டுபிடிக்க அக்கா ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார். "எல்லாத்தையும் கூட்டு, எத்தனை இருக்கோ அத்தனையால வகு." கிளைசினுக்கு இரண்டே தொகுதி, 2.3, 9.6. கூட்டி இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய ஆறு. சரியான விடை. பெண்கள் இதைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே படியிறங்குவார்கள்.

ஒருநாள் தாழ்வாரத்தில் போகும்போது அக்காவின் கரும்பலகை கண்ணில் பட்டது. ஹிஸ்டிடின். அதற்கு மூன்று தொகுதி, மூன்று எண். 1.8, 6.0, 9.2. அக்கா மூன்றையும் கூட்டி, மூன்றால் வகுத்து, 5.67 என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

தப்பு. மூன்று தொகுதி இருந்தால் மூன்றையும் கூட்டக் கூடாது. மின்னூட்டம் சைபராக இருக்கும் வடிவம் எது என்று பார்த்து, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் இரண்டு எண்ணை மட்டும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். ஹிஸ்டிடினுக்கு அது ஆறுக்கும் ஒன்பது புள்ளி இரண்டுக்கும் நடுவே விழும். 7.6. அமிலப் பக்கத்திலிருந்து காரப் பக்கத்துக்கே தாவிவிடுகிறது.

அறைக்குப் போய் உட்கார்ந்தேன். வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அக்கா வந்தார். பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார். "இன்னைக்கு கிளாஸ் அம்புட்டு நல்லா போச்சு புள்ள. பின்னாடி பெஞ்சுல கெடக்குற தூங்குமூஞ்சிககூட கை தூக்குச்சுக" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். அதில் போய் எப்படி மண்ணைப் போடுவது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று டீயைக் குடித்தேன்.

நாளைக்கு அவருக்குத் தலைவலி. அடுத்த நாள் எனக்கு மீட்டிங். அப்புறம் அவருடைய மாமியார் படுத்துவிட்டார். இப்படியே ஆளுக்கொரு சாக்கு. வருஷமே ஓடிவிட்டது. இன்னொன்றும் இருந்தது, சொல்லவே கூசுகிறது. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதில் எனக்குள் ஒரு குளுகுளுப்பு இருந்தது. எனக்குச் சோறு போட்டவர் விஷயத்தில் எனக்கு அப்படி இருந்தது. த்தூ!

இவ்வளவு காலம் இந்தத் தப்பு ஏன் வெளியே வரவில்லை என்று கேட்கலாம். காரணம் எங்கள் ஆய்வகம். மூன்றாம் வருஷப் பெண்களுக்கு ஒரு செய்முறை உண்டு. பிஎச் ஆறு உள்ள கரைசலில் நனைத்த தாள். அதன் நடுவில் பெயர் தெரியாத அமினோ அமிலத்தை ஒரு சொட்டு வைத்து, இரண்டு பக்கமும் வயர் மாட்டி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். நேர்மின்னூட்டம் உள்ளது கறுப்பு வயர் பக்கம், அதாவது எதிர்முனைக்குப் போகும். எதிர்மின்னூட்டம் உள்ளது சிவப்பு வயர் பக்கம். பிறகு தாளைக் காய வைத்து, நின்ஹைட்ரின் தெளித்து அடுப்பில் சூடாக்கினால் ஊதாப் புள்ளி எழும்பும். எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும்.

அஸ்பார்டிக் அமிலத்துக்கும் லைசினுக்கும் அக்காவின் வாய்ப்பாடு எண்ணைத் தப்பாகத்தான் தரும், ஆனால் பக்கத்தைச் சரியாகச் சொல்லிவிடும். அஸ்பார்டிக் சிவப்பு, லைசின் கறுப்பு. கிளைசின் நடுவிலேயே கிடக்கும். காலை வாருவது ஹிஸ்டிடின் மட்டும். வாய்ப்பாட்டின்படி அதன் சமமின் புள்ளி 5.67, கரைசல் ஆறு, அதனால் லேசான எதிர்மின்னூட்டம், சிவப்புப் பக்கம் கொஞ்ச தூரம் போக வேண்டும். அது கறுப்புப் பக்கம் போகும்.

போனால் என்ன? எங்கள் மின்பெட்டியில் வயர் மாட்டுகிற இடத்தில் சாயம் போய் எந்தக் காலமோ ஆகிவிட்டது. எது சிவப்பு எது கறுப்பு என்று பெட்டிக்கே தெரியாது. பெண்கள் அடிக்கடி மாற்றி மாட்டுவார்கள். அதனால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. கணக்கு ஒன்று சொல்லி, புள்ளி வேறு பக்கம் போனால், வயரை மாற்றி மாட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். தாளைத் திருப்பி வைத்து வரைந்துகொள். அக்கா சொல்லிக்கொடுத்தது இது, நானும் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். பாவம் ஹிஸ்டிடின், ஒவ்வொரு வருஷமும் சரியான பக்கம் போகும், ஒவ்வொரு வருஷமும் நாங்கள் அதைத் திருப்பி வைப்போம்.

இந்த வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால், மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, பெட்டியின் நேர்முனையில் சிவப்பு டேப்பும் எதிர்முனையில் கறுப்பு டேப்பும் சுற்றி ஒட்டினேன். தேர்வுக்கான சொட்டுக் குழாய்களைத் தயார் செய்வது என் பொறுப்பு. கிளைசின், அஸ்பார்டிக், லைசின் என்று வரிசையாக வைத்துவிட்டு, ஒரு குழாயில் ஹிஸ்டிடினை ஊற்றினேன். யார் கைக்கு வரும் என்று தெரியாது. யாருக்கோ வரட்டும், புள்ளி கறுப்புப் பக்கம் போகட்டும், டேப் ஒட்டியிருப்பதால் வயர் மேல் பழி போட முடியாது, அக்கா தானாகவே யோசிப்பார், கண்டுபிடிப்பார். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. என் புத்தி போன போக்கு இது. நான் சொல்ல வேண்டியதை ஒரு பெண்ணின் பரீட்சையைச் சொல்ல வைத்தேன்.

குழாய் பூண்டிப் பெண்ணின் கைக்குப் போனது.

அவளை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் பூண்டு விவசாயம். பூண்டு எடுக்கிற நாட்களில் கை விரலெல்லாம் மண்ணோடு வகுப்புக்கு வருவாள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பால் பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். சிபாரிசு எழுதிக்கொடுத்ததே நான்தான். ஒரு பேப்பர்கூட அரியர் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ரிசல்ட் வந்ததும் சேர வேண்டும், இல்லையென்றால் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டில் அப்பா அதற்கு மேல் காத்திருக்க மாட்டார், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளே சொல்லியிருந்தாள். "இந்தச் சோலி மட்டும் கெடச்சுருச்சுன்னா எங்கப்பா வாயே தொறக்க மாட்டாருங்க மேடம்" என்பாள்.

குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அவள் எடுத்ததை நான் பார்த்தேன். அப்போதாவது ஓடிப்போய் வேறு குழாய் கொடுத்திருக்கலாம். பேசாமல் நின்றேன்.

வெளித் தேர்வாளர் சமவெளியிலிருந்து வந்தவர். மஃப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மூடுபனி இறங்குவதற்குள் மலையிறங்க வேண்டும் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள் தேர்வாளர் அக்கா. நான் சாமான் எடுத்துக்கொடுக்கும் ஆள்.

தாளில் மின்சாரம் ஓடி முடிந்தது. அடுப்பிலிருந்து எடுத்ததும் அந்தப் பெண் தாளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பக்கத்தில் ஒப்பிட வைத்திருந்த கிளைசின் புள்ளி நடுக்கோட்டை ஒட்டியே கிடந்தது. அவளுடைய புள்ளி தெளிவாகக் கறுப்புப் பக்கம் போயிருந்தது. ஆனால் லைசின் போகும் தூரத்துக்குப் போகவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது. கேள்வித்தாளில் கொடுத்திருந்த நான்கு பெயருக்கும் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கணக்கின்படி கறுப்புப் பக்கம் போவது லைசின் மட்டும்தான். தூரம் பார்த்தால் இது லைசின் இல்லை. மிச்சம் எதுவும் இல்லை.

அக்கா அந்தப் பக்கம் வந்தார். அவள் மெதுவாகச் சொன்னாள். "மேடம், இது எதுலயும் சேராம பாதி வழில கெடக்குங்க."

அக்கா குனிந்து பார்த்தார். பழக்க தோஷம். குரலைத் தணித்து, "வயரை மாத்தி மாட்டியிருப்படி. தாளைத் திருப்பி வரைஞ்சு ஹிஸ்டிடின்னு எழுது, வெரசா" என்றார்.

"இல்லைங்க மேடம். செவப்பு டேப்பு ஒட்டியிருக்கு. பாத்துப் பாத்துத்தான் மாட்டுனேன்."

அவள் சத்தமாகத்தான் சொன்னாள், சொன்னதில் சூது எதுவும் இல்லை. ஜன்னலோரம் நின்றிருந்தவர் திரும்பினார். "மேடம், என்ன நடக்குது அங்க? கேண்டிடேட்டுக்கு ஆன்சர் சொல்லிக் குடுக்குறீங்களா?"

அக்கா, "இல்ல சார், வயர் மாறியிருக்கும்னுதான்" என்று ஆரம்பித்தார். அவர் கேட்கவில்லை. "ரிசல்ட்டை மாத்தி வரையச் சொல்றீங்க, பேரையும் சொல்றீங்க. நான் காதால கேட்டேன். இந்தப் பொண்ணோட பிராக்டிகல் கேன்சல். ரிப்போர்ட் எழுத வேண்டியது என் கடமை. உங்க பேரும் அதுல வரும்."

அந்தப் பெண் தாளை அவர் பக்கம் நீட்டினாள். "சார், நான் எதுவும் மாத்தலைங்க சார்" என்றாள். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

ஐயோ, என்ன செய்துவிட்டேன் என்று இருந்தது எனக்கு. டேப் ஒட்டியது நான். குழாய் வைத்தது நான். மாட்டிக்கொண்டு நிற்பது அவர்கள் இரண்டு பேர். "சார், கொஞ்சம் இருங்க" என்று முன்னால் போனேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்லப் போறீங்க? இவங்க வேணும்னே செய்யலைன்னா? அப்ப இதுக்கு என்ன அர்த்தம்?"

அக்கா ஏமாற்றுக்காரர் இல்லை என்று சொல்ல எனக்கு அந்த நேரத்தில் ஒரே வழிதான் தெரிந்தது. பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாழ்வாரத்தில் அடுத்த பேட்ச் கதவை ஒட்டி நின்றது. நான் சொன்னேன். "மேடம் ஏமாத்தலை சார். அவங்களுக்குத் தெரியாது."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று புரியாதவர் மாதிரி பார்த்தார்.

அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. மூன்று தொகுதி இருந்தால் மூன்றையும் கூட்டி வகுப்பது தப்பு என்றேன். இங்கே அப்படித்தான் நடத்தப்படுகிறது என்றேன். அதனால்தான் கணக்கு ஒரு பக்கமும் புள்ளி ஒரு பக்கமும் போகிறது, வயர் மேல் பழி விழுகிறது என்றேன். பயத்தில் குரல் வேறு ஏறிவிட்டது. வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

தேர்வாளர் மோவாயைத் தடவினார். மனிதர் கறார், ஆனால் நியாயஸ்தர். "சரி. வயர் சரியாத்தான் இருக்குன்னு முதல்ல நிரூபிங்க. அஸ்பார்டிக் அமிலத்தைப் பக்கத்துல வச்சு, அதே சாம்பிளைத் திரும்ப ஓட்டுங்க. அந்தப் பொண்ணே ஓட்டட்டும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது." மஃப்ளரை அவிழ்த்து நாற்காலியில் போட்டார். பஸ்ஸை விட்டுவிட்டார் என்று புரிந்தது.

தாள் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அக்காவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வேறு பெஞ்சு காலியாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறி, எதிர்க் கட்டடம் காணாமல் போயிற்று. நான் அக்காவின் கையைப் பிடிக்கப் பார்த்தேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தாள் இருந்த தொட்டியையே பார்த்தார்.

சூடு பட்டதும் இரண்டு புள்ளியும் எழும்பின. அஸ்பார்டிக் சிவப்பு டேப் பக்கம் போயிருந்தது. வயர் சரி. அந்தப் பெண்ணின் புள்ளி மறுபடியும் கறுப்புப் பக்கம்.

தேர்வாளர் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். ஹிஸ்டிடினின் மூன்று எண்ணையும் எழுதினார். "இப்ப கூட்டாத. வகுக்காத. பிஎச் ஆறுல இந்த மூணு தொகுதியும் என்ன நிலையில இருக்கும், ஒவ்வொண்ணா சொல்லு."

அவள் 1.8-ஐத் தொட்டாள். "இது அமிலத் தொகுதிங்க சார். ஆறு ரொம்ப மேல. ஹைட்ரஜனை முழுசா விட்டுரும். மைனஸ் ஒண்ணு." 9.2-ஐத் தொட்டாள். "இது அமினோ. ஆறு ரொம்பக் கீழ. விடாம வச்சிருக்கும். பிளஸ் ஒண்ணு." ஆறில் வந்து நின்றாள். "பிஎச்சும் பிகேயும் ஒண்ணா இருந்தா பாதிக்குப் பாதிங்க சார். பிடிச்சிருக்கிற பாதிக்கு மட்டும் பிளஸ். அப்ப பிளஸ் அரை."

"மொத்தம்?"

"மைனஸ் ஒண்ணும் பிளஸ் ஒண்ணும் போயிருச்சு. பிளஸ் அரைதாங்க மிச்சம்." கரும்பலகையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் விரிந்தது. "அட, அதான் கறுப்புப் பக்கம் பாதி தூரம் போயிருக்கு! லைசினுக்குப் பிளஸ் ஒண்ணு, அது ரொம்பத் தூரம் போகும். இது ஹிஸ்டிடின்தாங்க சார்!"

"சைபர் ஆகணும்னா?"

"அந்த அரையும் போகணும். பிஎச் ஆறுக்கு மேல ஏறணும். ஒம்பது புள்ளி ரெண்டுக்குப் போறதுக்குள்ள. ரெண்டுக்கும் நடுவுல, ஏழு புள்ளி ஆறு."

"பாதிக்குப் பாதின்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

"மேடம்தாங்க சார்." அக்காவைக் காட்டினாள். "பிஎச்சும் பிகேயும் ஒண்ணா இருந்தா பாதி பிடி, பாதி விடு. மேடம் அதையும் பாட்டா சொல்லிக் குடுத்துருக்காங்க."

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அக்காவுக்குத் தெரியாது என்று ஊர் கேட்கச் சொன்னேனே, அவருக்கு முக்கால்வாசி தெரிந்திருக்கிறது. ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்தில், "அக்கா, ஹிஸ்டிடினுக்கு ஆறுல மின்னூட்டம் என்ன, தொகுதி தொகுதியா போட்டுப் பாருங்களேன்" என்று நான் கேட்டிருந்தால் போதும். அவரே போட்டு, அவரே நெற்றியில் அடித்துக்கொண்டு, அவரே சிரித்து, மறுநாள் வகுப்பில் "அடியே, உங்க மேடம் ஒரு மண்டு" என்று சொல்லித் திருத்தியிருப்பார். அப்படிப்பட்டவர் அவர்.

தேர்வாளர் அந்தப் பெண்ணுக்கு மார்க் போட்டார். ரிப்போர்ட் எழுதவில்லை. போகும்போது அக்காவிடம், "மனசுல வச்சுக்காதீங்க மேடம்" என்றார். அக்கா, "அய்யோ, நீங்க செஞ்சது சரி சார்" என்று கும்பிட்டார்.

பூண்டிப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. பால் பண்ணையிலிருந்து ஒருநாள் போன் செய்து, "மேடம், நீங்க அன்னைக்குப் பேசலைன்னா நான் இங்க இல்லைங்க" என்று அழுதாள். நான் அன்றைக்குப் பேசியதால் அவள் தப்பித்தாள் என்று நினைக்கிறாள். நான் முன்பே பேசியிருந்தால் அவள் மாட்டியே இருக்க மாட்டாள் என்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. "நல்லா இரும்மா" என்று வைத்துவிட்டேன்.

தேர்வு நடந்த அன்று சாயங்காலம் அக்காவும் நானும் எப்போதும் போல ஒன்றாகத்தான் ஏற்றத்தில் ஏறினோம். ஆஸ்பத்திரி வளைவில் அவர் மூச்சு வாங்க நின்றார். "ஒண்ணு கேக்கட்டுமா புள்ள? உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் தெரிந்தது என்றால் நம்பியிருப்பார். அவ்வளவு நடந்த பிறகு பொய்யும் வரவில்லை. "போன வருஷமே பாத்தேன்கா. உங்க போர்டுல."

"போன வருஷமா?" என்றார். பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "தினமும் ஒண்ணா உக்காந்துதானே டீ குடிச்சோம்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் திட்டவில்லை, நடையைக் கட்டினார்.

புதிய வருஷம் தொடங்கியது. அக்கா பழைய வாய்ப்பாட்டை விட்டுவிட்டார். முதல் வகுப்பிலேயே, "இத்தனை வருஷமா நான் தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன், இதுதான் சரி" என்று பெண்களிடம் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அந்தத் தைரியம் வருமா என்று தெரியவில்லை.

ஆனால் இப்போது அவர் வெறுங்கையோடு வகுப்புக்குப் போவதில்லை. தினமும் காலையில் வெள்ளனே வந்து, அன்றைக்கு நடத்தப் போவதை ஒரு தாளில் எழுதி என் மேஜைக்குக் கொண்டு வருகிறார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். "இருக்கட்டும், ஒரு தடவை பாத்துரு" என்கிறார். கிளைசினுக்கு பிஎச் இரண்டில் மின்னூட்டம் என்ன, பத்தில் என்ன என்று எழுதியிருப்பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். நான் படித்துக்கொண்டிருக்கும்போது, மார்க்குக்குக் காத்திருக்கும் மாணவி மாதிரி என் மேஜை பக்கத்தில் நிற்கிறார். "உக்காருங்கக்கா" என்றாலும் உட்காருவதில்லை.

போன வாரம் அஸ்பார்டிக் அமிலம். மூன்று எண்ணில் சரியான இரண்டை எடுத்து, 2.8 என்று போட்டிருந்தார். கீழே ஒவ்வொரு தொகுதியும் எந்த பிஎச்சில் என்ன நிலையில் இருக்கும் என்று அழகாகக் கட்டம் போட்டிருந்தார். என்னைவிட நன்றாக. ஒரு பிழை கிடையாது.

"எல்லாம் சரியா இருக்குக்கா" என்று தாளை நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பினார். குத்திக் காட்டுகிற குரலே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "தப்பா இருந்தாச் சொல்லிருவல்ல?"

"சொல்லிருவேன்கா" என்றேன்.

தலையை ஆட்டினார். மேஜைக்குத் திரும்பி வந்து, தாளை மறுபடியும் என் முன்னால் வைத்தார். "எதுக்கும் இன்னொரு தடவை பாரு" என்றார்.